மூடி இறுக்கமாகத்தான் இருந்தது

கேள்வி: துபாயில் இருக்கும் மகனுக்கு, மருமகளிடம் ஐந்து பாட்டில் செக்கு நல்லெண்ணெய் கொடுத்துவிட்டேன். எல்லாம் பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மூடியைக் கை வலிக்க இறுக்கினேன். போய் இறங்கியதும் இரண்டு பாட்டில் கசிந்து, அவளுடைய கல்யாணச் சேலை வீணாகிவிட்டது. எங்கே தப்பு?
*(கீழக்கரை வாசகி)*

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை அம்மா, பாட்டிலுக்குள் இருந்த காற்றில் இருக்கிறது.

கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. விமானத்திலும் அதேதான். பெட்டிகள் கிடக்கும் அடித்தளத்தில் காற்றே இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நாம் உட்காரும் இடத்தில் உள்ள அழுத்தம்தான் அங்கேயும். ஆனால் அது ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்து அழுத்தம். உங்கள் பாட்டிலில் எண்ணெய்க்கு மேல் 50 மில்லி காற்று இருந்திருந்தால், அது 65 மில்லி இடம் கேட்கும். பாட்டில் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கிறது, மூடியை ஒட்டி எண்ணெய் நிற்கிறது. காற்று விரிந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது எண்ணெய்தான். 15 மில்லி என்றால் ஒரு மேசைக்கரண்டி. ஒரு சேலைக்கு அது போதும்.

இதனால்தான் அரைப் பாட்டில் எண்ணெய், முழுப் பாட்டிலைவிட மோசமாகக் கசியும். அதில் காற்று அதிகம்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, இரண்டு பக்கமும் அமுக்குங்கள். எண்ணெய் வாய்க்குக் கிட்டே ஏறி வரும். அமுக்கிய கையை எடுக்காமலே மூடியைத் திருகுங்கள். பாட்டில் கொஞ்சம் நசுங்கித் தெரியும், அது நல்லது. மேலே போய்க் காற்று விரியும்போது அந்த நசுங்கல் நிமிர்ந்து இடம் கொடுக்கும். கண்ணாடி நசுங்காது. அதில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மற்ற காப்புகளைக் கூட்ட வேண்டியதுதான். இடைவெளியே இல்லாமல் தளும்ப ஊற்றினாலும் ஆபத்து. மதுரை விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் கார் டிக்கிச் சூட்டில் எண்ணெயே விரியும்.

மூடுவதற்கு முன் வாயையும் மரையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மரையில் எண்ணெய் இருந்தால் மூடி இறுகியது போலத் தெரிந்தாலும் வழுக்கிக்கொண்டே தளரும், டேப்பும் ஒட்டாது. டேப்பை மூடி இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் நீங்களே திறந்துவிட்ட மாதிரி. அப்புறம் ஒரு ராத்திரி செய்தித்தாள் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் அந்த பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். வட்டம் இல்லாவிட்டாலும், பாட்டிலுக்கு ஒன்றாகத் தடித்த ஜிப் கவரில் போட்டு, கவரின் காற்றையும் வெளியே தள்ளி மூடுங்கள். இல்லாவிட்டால் கவரும் உப்பித் திறந்துகொள்ளும்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு முறை குடித்துவிட்டுப் போடுவதற்காகச் செய்த மெல்லிய சாமான். சோடா, கலர் வந்த பாட்டில் வாயு அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, அதன் சுவரும் மூடியும் இன்னும் உறுதி. அதைவிட நல்லது, வாயில் அலுமினியத் தாள் ஒட்டி வரும் பாட்டிலை வாங்கி, பிரிக்காமல் அனுப்புவது. எண்ணெய்க்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கும் விமான நிறுவனங்களும் உண்டு, டிக்கெட் எடுத்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊறுகாய் பாட்டிலை நாலு செய்தித்தாளில் சுற்றினால் போதுமா?
*(உச்சிப்புளி)*

பதில்: போதாது. தாள் எண்ணெயை உறிஞ்சும், அடியைத் தாங்காது.

கேள்வி: மலேசியாவில் இருக்கும் அக்காவுக்கு இறால் ஊறுகாய் அனுப்ப, 'லீக் ப்ரூஃப்' என்று போட்டிருந்த ஆறு கண்ணாடி ஜாடி ஆன்லைனில் வாங்கினேன். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் மூன்றில் சொட்டுகிறது. 'உலர்ந்த பொருளுக்குத்தான்' என்று சொல்லி எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.
*(மண்டபம் வாசகி)*

பதில்: ஊறுகாய் போடுவதற்கு முன்பே கவிழ்த்துப் பார்த்த உங்களுக்கு முதலில் ஒரு சபாஷ். நான் பார்க்கவில்லை. சில வருஷம் முன்பு இதே வார்த்தையை நம்பி ஒரு செட் வாங்கி, நெய் ஊற்றி, தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தால் என் வேட்டி நெய் தோசை மாதிரி இருந்தது. அத்தோடு புத்தி வந்ததா? அடுத்த பயணத்துக்குக் காற்று ஊதி பாட்டிலை உள்ளே வைக்கும் பை வாங்கினேன். ஒரு அறையில் ஊசித்துளை. இறங்கும்போது அது வெறும் பிளாஸ்டிக் தாள்.

'லீக் ப்ரூஃப்' என்ற இந்த வார்த்தை மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எதை ஊற்றி, எத்தனை மணி நேரம் கவிழ்த்துச் சோதித்தார்கள் என்று எந்த அட்டையிலாவது பார்த்திருக்கிறீர்களா? மூடிக்குள் ஒரு வளையம் இருந்தாலே அந்த வார்த்தையை அச்சடித்துவிடுகிறார்கள். மூடியைக் கழற்றி அந்த வளையத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எளிதாகக் கழன்று, திரும்ப வைத்தால் ஓரிடத்தில் அலை அலையாக நின்றால், அந்த அலை வழியாகத்தான் எண்ணெய் வரும். தண்ணீரே சொட்டும் ஜாடி எண்ணெயைப் பிடித்து வைக்காது. விற்கும்போது எதுவும் சொட்டாது, திருப்பிக் கொடுக்கும்போது உலர்ந்த பொருளுக்கு மட்டும்! இது என்ன நியாயம்?

விளம்பரப் பக்கத்தில் அந்த வார்த்தை தெரியும்படி இன்றே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். சொட்டுவதை வீடியோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஜாடிகளைக் கழுவி வைத்திருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு வரும்போது மூன்று அத்தர் பாட்டிலையும் ஒரு தேன் பாட்டிலையும் பெட்டியின் வெளி ஜிப்பில் வைத்தேன். எல்லாம் நொறுங்கிவிட்டது. ஒரு மாதம் ஆகிறது. விமான நிறுவனம் பணம் தருமா?
*(தொண்டி வாசகர்)*

பதில்: வெளி ஜிப்பிலா! அங்கே கண்ணாடிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு துணிதான் இருக்கிறது. பெட்டியை யாரும் தூக்கி இறக்குவதில்லை, எறிகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிக் காலுறைக்குள் நுழைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல், பெட்டியின் நடுவில், ஆறு பக்கமும் நாலு விரல் கனத்துக்குத் துணி வரும்படி வைக்க வேண்டும். சக்கரம் இருக்கும் பக்கத்தில் கனமான துணி போகட்டும். பெட்டியை மூடிக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது.

பணத்துக்கு வருவோம். பெட்டி சேதமானால் வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் சேதப் புகாருக்குக் கெடு, பெட்டி கையில் வந்ததிலிருந்து 7 நாள். நீங்கள் ஒரு மாதம் கழித்துக் கேட்கிறீர்கள். அன்றைக்கே போயிருந்தாலும், உடையும் பொருளைச் சரியாகக் கட்டவில்லை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் பேச வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும், அதனால் கசியாதாமே?
*(தங்கச்சிமடம்)*

பதில்: 24 டிகிரிக்குக் கீழே உறையும், உண்மைதான். ஆனால் நீங்கள் இங்கே அதை ஏற்றுவதும் வெயிலில், அங்கே வளைகுடாவில் பெட்டியை இறக்கி வைப்பதும் வெயிலில். நல்லெண்ணெய்க்குச் சொன்னதையே இதற்கும் செய்யுங்கள்.