ஒரு நாள் தவறியதால் நாற்பத்தொரு நாளும் வீணாகிவிட்டதா?

“எனக்கு 47 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகு, காலைத் தேநீர் குடித்ததும் கடற்கரைப் பக்கமாக நாளாந்தம் அரை மணி நேரம் நடந்து வந்தேன். 41 நாள் தவறவில்லை. 42ஆம் நாள் மழையால் போகவில்லை. மறுநாள் ஈடுகட்டுவதற்காக ஒன்றேகால் மணி நேரம் நடந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. செயலியில் கணக்கும் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. இப்போது 16 நாளாகப் போகவில்லை. முதலாம் திகதியிலிருந்து புதிதாகத் தொடங்கவா, அல்லது வட்ஸ்அப்பில் நடக்கும் 21 நாள் பயிற்சியில் பணம் கட்டிச் சேரவா?”
– கணக்காளர் ஒருவர், வெள்ளவத்தை

இரண்டுமே வேண்டாம். நாளைக் காலையில் தேநீர் குடித்த பிறகு பத்து நிமிடம் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பழக்கத்தை முறித்தது மழை பெய்த நாள் என்று நினைக்கிறீர்கள். உளவளத்துணையாளராக இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது எனக்குத் தெரிவது அதற்கு மறுநாள்தான். அன்று நீங்கள் நடந்தது உடற்பயிற்சியாக அல்ல, தண்டனையாக. தவறிய ஒரு நாளைக் கடனாகக் கருதி, அதை வட்டியோடு அடைக்கப் போனீர்கள். அதற்கு முழங்கால் மறுத்தது. முழங்கால் வலி இரண்டாவது விடுமுறையைத் தந்தது, அதன் பிறகு பூச்சியம் என்ற இலக்கம் மீதி வேலையைச் செய்துவிட்டது. ஒன்று முழுமையாகச் செய்ய வேண்டும், இல்லையேல் செய்யவே வேண்டாம் என்று எண்ணும் மனம் இந்த வழியிலேதான் சறுக்குகிறது. “முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு” என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். 1975இல் வெளியான ஓர் ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி வந்த பெண்களில் சிலருக்கு முதலில் பால் பானம் கொடுத்துவிட்டு, பின்னர் ஐஸ்கிறீம் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பானம் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடக் கூடுதலாக ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தவர் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பது இயற்கை. ஆனால் “இன்றைய கட்டுப்பாடு எப்படியும் போய்விட்டது” என்ற எண்ணம் அந்த இயற்கையையே புரட்டிவிட்டது.

நீங்கள் கணக்காளர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 42 நாளில் 41 நாள் நடந்தவர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதத்துக்கு மேல் நடந்திருக்கிறார். அந்த 41 நாளையும் அழித்துப் பூச்சியம் என்று எழுதும் பேரேட்டில் நீங்கள் கையொப்பமிடுவீர்களா? செயலி காட்டுவது தொடர்ச்சியை மட்டும்தான், பழக்கத்தின் பலம் வேறு. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்ததும் கை தானாகச் சப்பாத்தைத் தேடுகிறதே, அதுதான் பழக்கம். ஒரே சூழலில் ஒரே செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதால் மனதில் உண்டாகும் அந்தப் பிணைப்பு, ஒரு காலை தவறியதற்காக அறுந்துபோவதில்லை. இலண்டனில் 96 பேரை 12 வாரம் அவதானித்து 2010இல் வெளியிட்ட ஆய்வும், ஒரு தடவை தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவுக்குப் பாதிப்பதில்லை என்றே கண்டது.

அந்த ஆய்வில் பழக்கம் நிலைபெறுவதற்கு ஆகும் எனக் கணித்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடு அளவு 66 நாள். அப்படியானால் 21 நாள் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் முகச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை செய்துவந்த வைத்தியர் ஒருவர், புதிய முகத்துக்குப் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் பிடிக்கிறது என்று 1960இல் எழுதினார். காலப்போக்கில் “குறைந்தது” என்ற சொல்லும் போய், முகமும் போய், இலக்கம் மட்டும் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று வட்ஸ்அப் குழுக்களில் இதை விற்பவர்களைப் பற்றி எச்சரிக்காமல் என்னால் இருக்க முடியாது. “ஒரு நாள் தவறினால் முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும்” என்பது அவர்களுடைய விதி. அது உங்கள் உடலுக்கான விதியன்று, அவர்களுடைய வருமானத்துக்கான விதி, ஏனெனில் தவறியவர் அடுத்த குழுவுக்கும் பணம் கட்டுவார். இப்படி மூன்று தடவை கட்டிவிட்டு, “எனக்கு மனவுறுதி இல்லை” என்று அழுதபடி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கிளினிக்குகள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. விடியற்காலையில் இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது, கொப்பியில் “தினமும் நடக்கவும்” என்று எழுதி அனுப்புகிறார்கள். நடக்க முடியாமற்போகும் நாளில் என்ன செய்வது என்பதை யாரும் எழுதுவதில்லை. உண்மையில் பரிந்துரைக்கப்படும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம். அரை மணி நேரமாக நடந்தால் ஐந்து நாள் போதும், இரண்டு நாள் ஓய்வு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நடையினால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஓரிரு நாளில் தேய்ந்துவிடுவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்பதே நீரிழிவு உள்ளவர்களுக்கான அறிவுரை. ஆகவே உங்கள் பேரேட்டில் எண்ண வேண்டியது தொடர்ந்து நடந்த நாள்களை அல்ல, தொடர்ந்து நடக்காத நாள்களை. அது ஒன்றாக இருந்தால் கவலை வேண்டாம், இரண்டானால் மறுநாள் எப்படியாவது எழும்ப வேண்டும்.

இந்தத் தாராளம் நடைக்கு மட்டுமே உரியது, மாத்திரைக்கு உரியதன்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நடையை இரட்டித்து ஈடுகட்டும் அதே மனம் மாத்திரையையும் இரட்டிக்கும். காலையில் மறந்ததை இரவு வேளையோடு சேர்த்து விழுங்குவது ஆபத்து, சில மாத்திரைகளில் சீனி திடீரெனக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். “ஒரு நாள் தவறினால் ஒன்றுமில்லை என்று ஆலோசகர் எழுதினார்” என்று மாத்திரையை விடுவதும் அதே அளவுக்குத் தவறு. உங்கள் மாத்திரையை மறந்தால் எத்தனை மணி நேரம் வரை குடிக்கலாம், எப்போது அடுத்த வேளைக்கு விட்டுவிட வேண்டும் என்பதைக் கிளினிக் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாமாக எதையும் மாற்றவே கூடாது.

இனி உங்கள் நடைக்கு வருகிறேன். முழங்காலில் வீக்கமோ, படி இறங்கும்போது வலியோ இன்னும் இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் முதல் மூன்று நாளும் பத்து நிமிடம் போதும், கூடுதலாக நடக்க ஆசை வந்தாலும் திரும்பிவிடுங்கள். அடுத்த மூன்று நாளும் இருபது, பின்னர் பழைய அரை மணி. நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் தேநீருக்குப் பிறகு என்ற இடத்தை மாற்ற வேண்டாம், பிணைப்பு இருப்பது அங்கேதான். முதலாம் திகதிக்காகக் காத்திருந்தால் பதினாறு நாள் இருபதுக்கு மேலாகும், அந்த நாள்களில் தேநீருக்குப் பின் பத்திரிகையை எடுத்து உட்காருவது புதுப் பழக்கமாக வேர் பிடிக்கும்.

செயலியில் தொடர்ச்சி காட்டும் அறிவித்தலை நிறுத்திவிட்டு, நாட்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். கொழும்பில் மழை இன்னும் பல காலைகளில் பெய்யும். ஆகவே ஒரு வாக்கியத்தை இன்றே எழுதி, சப்பாத்து வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள்: “காலையில் மழை பெய்தால், தேநீருக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பேன்.” அந்தப் பத்து நிமிடத்துக்கும் முழுப் புள்ளியே வைக்க வேண்டும், அரைப் புள்ளி வேண்டாம்.