கேள்வி பதில்: கிரேப் மில்லில் விரல் போனால் யாரைத் திருத்துவது?

குலசேகரம், ரப்பர் ஆலை சூப்பர்வைசர்: சார், ரெண்டு உருளைக்கு நடுவுல ரப்பரை நசுக்குற கிரேப் மில்லுல ஒட்டுப்பால் போடும்போது ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு. "கவனக்குறைவுதான், இனி எல்லாருடைய நடத்தையையும் பார்த்து கார்டு எழுது"ன்னு முதலாளி சொல்றார். கார்டில் எதையெல்லாம் பார்க்கணும்?

கார்டு இப்போதைக்கு வேண்டாம். மில்லுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்காருங்கள். கை எப்போது உருளைப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

அனேகமாக இதுதான் கண்ணில் படும். ஒட்டுப்பால் கட்டி சிறிதாக இருந்தால் உருளை உடனே கவ்விக்கொள்ளும், பையன் கையை எடுத்துவிடுவான். பெரிய கட்டி வந்தால் கவ்வாது, மேலேயே புரண்டு வழுக்கும். தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அப்போது உள்ளங்கையால் ஒரு தள்ளு. பத்துத் தடவை ஒன்றும் ஆகாது, பதினோராவது தடவை ரப்பரோடு விரலும் போகும். அந்தத் தள்ளலைப் பார்த்து "பாதுகாப்பற்ற செயல்" என்று கார்டில் டிக் போட்டுவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துபோகும்.

கட்டி ஏன் பெரிதாக வந்தது? வெட்டும் மெஷின் ஓடாமல் கிடக்கலாம். ஏன் கவ்வவில்லை? உருளையின் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கலாம். மில்லை நிறுத்திக் கட்டியை எடுத்து வெட்டிப் போட்டால் என்ன? கூலி கிலோ கணக்கில் என்றால் அந்த நேரம் அவன் பையிலிருந்து போகிறது. இந்த மூன்றையும் சரிசெய்ய முடிந்தவர் முதலாளி. பையனால் எதையும் மாற்ற முடியாது.

கை போக முடியாதபடி செய்வதுதான் நிரந்தர வழி. போடும் வாயில் தகரப் பெட்டி மாதிரி ஒரு சரிவு வையுங்கள். திறப்பு 120 மில்லிமீட்டர் வரை இருந்தால், அதிலிருந்து உருளை கவ்வும் இடம் குறைந்தது 850 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பெரிய ஆளின் முழுக் கை நீளத்தைக் கணக்கில் வைத்து உலகத் தரத்தில் சொன்ன அளவு அது. அந்தத் திறப்பில் பெரிய கட்டி நுழையாது, ஆகவே வெட்டும் மெஷினையும் ஓட வைத்தே ஆகவேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள்: சுழலும் உருளைப் பக்கம் துணிக் கையுறை கூடாது. விரல் நுனி தப்பினாலும் கையுறை மாட்டி முழுக் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

கருங்கல்: எங்க அம்மா முந்திரி ஆலையில் தோடு உடைக்கிறாங்க. விரலெல்லாம் வெந்து உரியுது. கையுறை வேண்டாம்னு சொல்லிட்டீங்களே?

தம்பி, நான் சொன்னது சுழலும் உருளைக்கு. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், அங்கே கையுறை கட்டாயம் வேண்டும். அதைப் போட்டால் வேகம் குறைந்து கூலி குறைகிறது என்றால் அம்மா கழற்றத்தான் செய்வார்கள், அதையும் சேர்த்து ஆலையில் பேசுங்கள். புண்ணைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மார்த்தாண்டம்: சேஃப்டி டிப்ளமோ எங்க படிச்சா வளைகுடாவுல வேலை கிடைக்கும்?

இங்கே அதற்கு இடமில்லை.

தக்கலை, இப்போது குவைத்: அண்ணாச்சி, நீங்க எல்லாத்தையும் முதலாளி தலையில கட்டுறீங்க. நூற்றுக்கு 88 விபத்து ஆள் செய்யுற தப்புலதான்னு அப்பவே எழுதி வச்சிருக்கான். எங்க சுத்திகரிப்பு ஆலையில நடத்தைக் கார்டு வந்த பிறகு காயம் பாதியாச்சு.

அந்த 88 எங்கிருந்து வந்தது? 1931-ல் ஹைன்ரிச் என்ற இன்ஷூரன்ஸ்காரர் எழுதியது. அவர் கையில் இருந்தவை இன்ஷூரன்ஸ் கோப்புகளும் ஆலைகள் கொடுத்த அறிக்கைகளும். அந்த அறிக்கையை எழுதியவர் அடிபட்டவனின் மேஸ்திரி. "மெஷினில் காப்பு இல்லை, நான்தான் கவனிக்கவில்லை" என்று எந்த மேஸ்திரி எழுதுவார்?

காயம் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் காயம்? 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் வெடித்து 15 பேர் இறந்தார்கள். கோபுரத்தில் எண்ணெய் அளவுக்கு மீறி நிரம்பியதும், மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியதும் காரணங்களில் சேரும். ஆள் காயக் கணக்கு நன்றாக இருப்பதை வைத்து ஆலை பாதுகாப்பானது என்று நம்பியதையும் பிறகு வந்த விசாரணைக் குழு குற்றம் சொன்னது. ஹெல்மெட்டைப் பார்க்கும் கார்டில் தவறான மட்டக் கருவி சிக்காது.

தக்கலை, குவைத்: அப்ப கார்டே குப்பையா? எங்க கார்டுல பேர் எழுத மாட்டோம். ஏன் அப்படிச் செஞ்சான்னு கேட்டு எழுதுவோம்.

அப்படியானால் உங்கள் ஆலையில் நல்லபடி நடக்கிறது. பேர் இல்லாமல், ஏன் என்று கேட்டு எழுதும் கார்டு நான் சொன்ன ஸ்டூல் வேலையைத்தான் செய்கிறது. ஒரு சோதனை சொல்கிறேன். போன மாதக் கார்டுகளை எடுத்து, எத்தனை கார்டின் முடிவில் மெயின்டனன்ஸ் வேலை நடந்தது, எத்தனை கார்டின் முடிவில் "அறிவுரை கூறப்பட்டது" என்று எழுதியிருக்கிறது, எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து கார்டு கட்டாயம் என்று வைத்த இடத்தில் ஐந்தாவது கார்டு டீக்கடையில் வைத்து எழுதப்படும்.

தக்கலை, குவைத்: பாதிக்கு மேல அறிவுரைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆள் திருந்தாம மெஷினை மட்டும் திருத்தி எவ்வளவு நாள் ஓட்டுவீங்க?

நாகர்கோவில்: ஆறு மாசம் விபத்து இல்லேன்னா எல்லாருக்கும் குக்கர் கொடுக்கலாம்னு இருக்கோம். நல்லதுதானே?

கொடுக்காதீர்கள். ஐந்தாவது மாதம் ஒருவனுக்குக் கை நசுங்கினால், குக்கருக்காக நாற்பது பேர் சேர்ந்து அவன் வாயை மூடுவார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வைத்தது. அதைத் தவிர்க்க, கட்டோடு ஆளை ஆட்டோவில் கூட்டிவந்து ஆபீஸில் உட்கார வைத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அருமனை: சேஃப்டி கோர்ஸ் ஃபீஸ் எவ்வளவு சார்?

மேலே பார்க்கவும். மார்த்தாண்டத்துக்குச் சொன்னதுதான்.

குலசேகரம் சூப்பர்வைசர்: ஸ்டூல் போட்டுப் பார்த்தேன் சார். நீங்க சொன்னபடியேதான். இன்னொண்ணு, அவசரமா நிறுத்துற டிரிப் பாரைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கான். யார் கட்டினதுன்னு விசாரிக்கவா?

விசாரிக்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் அடுத்த தடவை கம்பி உங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். "பார் எதற்கெல்லாம் சும்மா விழுகிறது?" என்று கேளுங்கள். பெரிய கட்டி இடித்தாலே மில் நின்றுவிடுகிறது என்பார்கள். அதுவும் கட்டி வெட்டாத கதைதான்.

கம்பியை அவிழ்த்ததும் மில் காலியாக ஓடும்போது சோதியுங்கள். உருளையில் ஒரு சாக்பீஸ் கோடு, சட்டத்தில் அதற்கு நேரே ஒன்று. கோடுகள் சேரும்போது பாரை அடித்து, உருளையின் கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று டேப்பில் அளக்கவும். ரப்பர் மில்லுக்கு அமெரிக்க விதி ஒரு கணக்கு சொல்கிறது: நிமிடத்துக்கு எத்தனை அடி ஓடுகிறதோ, அதில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு, அங்குலத்தில். நிமிடத்துக்கு 60 அடி ஓடும் உருளை 0.9 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். அரை அடி ஓடி நின்றால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தம், பார் இருந்தும் பயனில்லை.

இனி முக்கியமான இடம். பழுது பார்க்க மில்லை நிறுத்தும் அரை நாளுக்கு, அந்த ஷிஃப்ட் ஆட்களுக்குச் சராசரிக் கூலியை முதலாளி கொடுக்கிறாரா? கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொருவன் தானே வந்து "அண்ணே, அந்த பெல்ட் கவரும் ஆடுது" என்பான். அந்தக் கூலியைப் பிடித்தால் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். சொல்லத் தொடங்கிய முதல் சில மாதங்களில் புகாரும் சின்னக் காயமும் நோட்டில் ஏறும். முதலாளி பதறுவார். முன்பு மறைந்திருந்தது வெளியே வருகிறது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தக்கலை, குவைத்: எல்லாம் சரிபண்ணி, கூலியும் கொடுத்த பிறகு ஒருத்தன் அந்தப் பாரை மறுபடி கட்டினா? அப்பவும் விசாரிக்க மாட்டீங்களா?

விசாரிப்பேன். அதே நிலையில் நல்ல வேலைக்காரன் வேறொருவனை நிறுத்தினால் அவனும் கட்டியிருப்பானா என்று முதலில் பார்ப்பேன். கட்டியிருப்பான் என்றால் நாம் எதையோ இன்னும் சரிசெய்யவில்லை. மாட்டான் என்றால் நடவடிக்கை எடுக்கலாம்.

தக்கலை, குவைத்: அதை முடிவு பண்ணுறது யாரு? மறுபடியும் அதே மேஸ்திரிதானே?

கேள்வி நியாயம். என் வழக்கம், அதே மில்லில் வேலை பார்க்கும் இருவரை அந்தப் பேச்சில் உட்கார வைப்பது. அவர்கள் சில சமயம் மேஸ்திரியை விடக் கடுமையாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.