லேப்டாப்பில் தெரியும் மெசேஜ் உண்மையில் எங்கே இருக்கிறது?

கேள்வி: பழைய ஆண்ட்ராய்டு ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு புதிது வாங்கப் போகிறேன். ஒரு வருஷமாக விண்டோஸ் லேப்டாப்பில் Phone Link வழியாகத்தான் மெசேஜ் படிப்பதும் அனுப்புவதும். எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கிறதே, ஃபோனை ரீசெட் செய்துவிடலாமா? ஒரு மாதத்துக்கு முந்தைய மெசேஜ் மட்டும் ஏன் காணோம்?

இப்போதைக்கு ரீசெட் செய்யாதீர்கள். நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயத்தில்தான் முழு பதிலும் இருக்கிறது. Phone Link கடைசி 30 நாள் மெசேஜ்களை மட்டுமே காட்டும். அதற்கு முந்தையவை எங்கும் போகவில்லை, ஃபோனில்தான் இருக்கின்றன. லேப்டாப்புக்கு அவை வருவதில்லை, அவ்வளவுதான்.

லேப்டாப்பில் நீங்கள் ஒரு மெசேஜ் தட்டி அனுப்பும்போது, அந்த வரிகள் முதலில் ஃபோனில் இருக்கும் Link to Windows என்ற ஆப்புக்குப் போகின்றன. அது ஃபோனின் சிம் வழியாக எஸ்.எம்.எஸ். ஆக அனுப்புகிறது. அனுப்பிய மெசேஜ் ஃபோனின் மெசேஜ் தொகுப்பில் பதிவாகிறது. பெறுபவருக்கு உங்கள் வழக்கமான எண் தெரியும், கட்டணமும் உங்கள் சிம் திட்டத்தில்தான் கழியும். ஃபோனை அணைத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து ஒன்று அனுப்பிப் பாருங்கள், போகாது. தட்டுவதும் படிப்பதும் லேப்டாப்பில் நடந்தாலும், அனுப்புவதும் சேமிப்பதும் ஃபோனின் வேலை.

ஃபோனுக்குள்ளும் எஸ்.எம்.எஸ். நீங்கள் திறக்கும் மெசேஜ் ஆப்பில் இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு அதற்கென்று ஒரு பொதுத் தொகுப்பு வைத்திருக்கிறது. மெசேஜ் ஆப்பை மாற்றினாலும் பழைய எஸ்.எம்.எஸ். எல்லாம் புது ஆப்பில் அப்படியே தெரிவது இதனால்தான். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், எந்த ஆப்பை ‘இயல்பு எஸ்.எம்.எஸ். ஆப்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அது மட்டுமே அந்தத் தொகுப்பில் எழுதவும் அழிக்கவும் முடியும். இந்த விதியை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஃபேக்டரி ரீசெட் அந்தத் தொகுப்பை மொத்தமாக அழித்துவிடும். பிறகு புது ஃபோனை லேப்டாப்போடு இணைத்தால் புது ஃபோனில் இருப்பதுதான் தெரியும். ஒரு வருஷ மெசேஜ் போனது போனதுதான். ஆகவே ரீசெட்டுக்கு முன் பேக்கப் எடுத்தாக வேண்டும்.

முதல் வழி, கூகுள் பேக்கப். ஃபோனின் Settings-இல் Google, அதில் Backup. அங்கே எஸ்.எம்.எஸ். சேர்ந்திருக்கிறதா, கடைசி பேக்கப் தேதி என்ன என்று பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் வைஃபையில் இணைத்து Back up now அழுத்துங்கள். இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. இந்த பேக்கப் புது ஃபோனை முதன்முதலாக அமைக்கும்போதுதான் மீட்டெடுக்கக் கிடைக்கும். அந்தக் கட்டத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தாண்டிவிட்டால் ஃபோனை மறுபடி ரீசெட் செய்து தொடங்க வேண்டி வரலாம். அடுத்தது, பழைய ஃபோனின் திரைப்பூட்டு எண்ணைக் கேட்கும். பேக்கப் அதை வைத்துத்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஃபோனைக் கைமாற்றுவதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, SMS Backup & Restore போன்ற ஆப் மூலம் மெசேஜ்களை ஒரு கோப்பாகவே எடுத்து வைப்பது. வங்கி, வாடகை, வேலை சம்பந்தமான மெசேஜ்கள் பின்னால் ஆதாரமாகத் தேவைப்படும் என்றால் இதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்பேன். கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கும், திறந்து படித்துப் பார்க்கலாம். உள்ளே ஒரு மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```xml
<smses count="4312">
<sms address="BANK" date="1735689600000"
     type="1" body="உங்கள் கணக்கில் வரவு" />
```

type 1 என்றால் வந்தது, 2 என்றால் நீங்கள் அனுப்பியது. date என்பது 1970 ஜனவரி 1-லிருந்து மில்லிவினாடிக் கணக்கு. மேலே உள்ள எண் 2025 ஜனவரி 1-ஐக் குறிக்கிறது. முதல் வரியில் இருக்கும் count-ஐ ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது ஃபோனில் மீட்டெடுத்து முடிந்ததும் ஆப் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட அது ஒன்றே போதும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம், கோப்பைச் சேமிக்கும் இடம். ஃபோனின் உள் நினைவகத்திலேயே சேமித்துவிட்டு ரீசெட் செய்தால் மெசேஜோடு பேக்கப்பும் அழியும். யூ.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்புக்கு நகல் எடுத்து, அங்கே திறந்து பார்த்து, பழைய தேதி மெசேஜ் ஒன்று உள்ளே இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ஃபோனைத் தொடுங்கள். புது ஃபோனில் மீட்டெடுக்கும்போது இந்த ஆப் தன்னை இயல்பு எஸ்.எம்.எஸ். ஆப்பாக மாற்றச் சொல்லும். பயப்பட வேண்டாம், மேலே சொன்ன விதிதான் காரணம்: அந்த இடத்தில் இல்லாமல் அதனால் எழுத முடியாது. வேலை முடிந்ததும் உங்கள் பழைய மெசேஜ் ஆப்பையே மறுபடி இயல்பாக வைத்துவிடுங்கள். இதை மறந்தால் புதிதாக வரும் மெசேஜ்கள் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஆப்பில் அறிவிப்பாக வராது, ஃபோன் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

இன்னொரு விஷயம். லேப்டாப்பை பேக்கப்பாக நம்ப முடியாது என்பதால் அதில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. காட்டும் மெசேஜ்களின் நகலை Phone Link உங்கள் விண்டோஸ் கணக்கின் கீழ் இந்த ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்கிறது:

```
%LOCALAPPDATA%\Packages\Microsoft.YourPhone_8wekyb3d8bbwe
```

ஓ.டி.பி., வங்கி மெசேஜ் எல்லாம் அதில் அடக்கம். ஒரே விண்டோஸ் கணக்கை வீட்டில் பலர் பயன்படுத்தினாலோ, லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள் என்றாலோ இதைத் துடைத்துவிட வேண்டும். Phone Link-இன் Settings-இல் My Devices போய், பழைய ஃபோனுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Remove கொடுங்கள். பிறகு விண்டோஸ் தேடலில் Phone Link என்று தட்டி, வலது கிளிக்கில் App settings திறந்து, கீழே உள்ள Reset-ஐ அழுத்துங்கள். இதனால் அழிவது லேப்டாப்பில் உள்ள நகல் மட்டுமே. ஃபோனில் உள்ள மெசேஜுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: ஒரு நண்பரோடு பேசியது ஃபோனில் முழுசாக இருக்கிறது. Phone Link-இல் பாதிதான் தெரிகிறது. 30 நாள் கணக்கும் ஒத்துவரவில்லை, நேற்று வந்ததே காணோம். என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்லை. அந்த நண்பரோடு நடப்பது ஆர்.சி.எஸ். உரையாடல். தட்டும் பெட்டியில் RCS என்று மங்கலாகத் தெரியும், நீங்கள் அனுப்பியதை அவர் படித்துவிட்டாரா என்பதும் காட்டும். ஆர்.சி.எஸ். இணையம் வழியாகப் போவது. நான் முன்பு சொன்ன பொது எஸ்.எம்.எஸ். தொகுப்பில் அது சேராது, மெசேஜ் ஆப் தன் சொந்த சேமிப்பில் வைத்துக்கொள்ளும். Phone Link படிப்பது பொதுத் தொகுப்பை. சில சாம்சங் மாடல்களைத் தவிர மற்றவற்றில் ஆர்.சி.எஸ். அதில் வராது. இணையம் இல்லாத நேரத்தில் எஸ்.எம்.எஸ். ஆக மாறிப் போன வரிகள் மட்டும் லேப்டாப்பில் தெரிவதால்தான் உரையாடல் துண்டு துண்டாக இருக்கிறது.

கூகுளின் மெசேஜ் ஆப் வைத்திருந்தால், லேப்டாப் பிரவுசரில் messages.google.com/web திறந்து, ஃபோனில் அந்த ஆப்பின் Device pairing வழியாக இணையுங்கள். இரண்டு வகையும் முழுசாகத் தெரியும். இதற்கும் ஃபோன் உயிரோடு, இணையத்தில் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே ஓர் உரையாடலை அழித்தால் ஃபோனிலும் அழியும். லேப்டாப்பில் மட்டும் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஃபோன் மாற்றும்போதும் இந்த வித்தியாசம் முக்கியம். எஸ்.எம்.எஸ். எல்லாம் வந்து சேர்ந்தது என்பதால் ஆர்.சி.எஸ்.-உம் வந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. புது ஃபோனில் அந்த நண்பரின் உரையாடலைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

கேள்வி: ஐஃபோனை விண்டோஸ் லேப்டாப்போடு இணைத்திருக்கிறேன். பழைய உரையாடலே வரவில்லையே?

வராது. ஐஃபோனோடு Phone Link பேசுவது ப்ளூடூத் வழியாக. இணைப்பில் இருக்கும்போது வருவதும் போவதும் மட்டுமே தெரியும், ஃபோனின் வரலாறு லேப்டாப்புக்கு வராது. புதிதாக வருவதுகூடத் தெரியவில்லை என்றால், ஐஃபோனின் ப்ளூடூத் பட்டியலில் லேப்டாப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள i-யைத் தொட்டு Show Notifications, Sync Contacts இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் வசதியாக இருப்பதால் கொஞ்சம் நீளமாகத் தட்டுகிறேன். ஒரு மெசேஜுக்கு மூன்று என்று கழிகிறது. ஏன்?

அனுப்புவது ஃபோனின் சிம் என்பதால் எஸ்.எம்.எஸ். அளவு விதி அப்படியே பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 குறிகள். தமிழ் என்றால் 70 மட்டுமே. அதற்கு மேல் போனால் துண்டாகும், துண்டுகளைச் சேர்க்கும் தகவலுக்கு இடம் போக ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தும் எண்ண முடியாது. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகள் தனிக் குறிகள் என்பதால் ஃபோனுக்கு ஏழு. இடைவெளியும் சேர்த்து 150 குறி உள்ள தமிழ் மெசேஜ் மூன்று துண்டாகப் போகும். அதே அளவு ஆங்கிலம் ஒன்றாகவே போயிருக்கும்.

ஆங்கிலத்தில் தட்டியும் இப்படிக் கழிந்தால், வேறு ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்களா என்று யோசியுங்கள். வேர்ட் போன்றவை நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். வளைந்த குறி அந்த 160 கணக்கின் எழுத்துத் தொகுதியில் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் முழு மெசேஜும் 70 கணக்குக்கு மாறும். ஒரு ஸ்மைலி சேர்த்தாலும் இதே கதைதான். ஒட்டிய பிறகு அந்தக் குறிகளை மட்டும் அழித்துக் கையால் தட்டி அனுப்புங்கள்.