எல்லையில் சுற்றி வந்தே மனையின் பரப்பளவைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: மூடிய வளைவரையில் போடும் கோட்டுத் தொகையீடு எப்படி இரட்டைத் தொகையீடாக மாறுகிறது? அதை வைத்துப் பரப்பளவு காண்பது எப்படி?

இதற்கு கிரீன் தேற்றம்தான் வழி:

∮(P dx + Q dy) = ∬(∂Q/∂x − ∂P/∂y) dA

உட்பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் பொதுவான விளிம்பில் எதிரெதிர்த் திசையில் போவதால் அங்கே எல்லாம் அடிபட்டுவிடும். வெளி எல்லை மட்டும் மிஞ்சும். ஒரு சின்னக் கட்டத்தைச் சுற்றி வரும் மதிப்புதான் வலப்பக்க அடைப்புக்குள் இருப்பது, அந்தக் கட்டத்தின் பரப்பால் பெருக்கியது.

சரி, P = −y/2, Q = x/2 என்று வைத்தால் அடைப்புக்குள் 1 வரும். அப்போது பரப்பளவு = ½∮(x dy − y dx). (x₁,y₁) முதல் (x₂,y₂) வரையிலான நேர்கோட்டில் இது ½(x₁y₂ − x₂y₁) ஆகிறது.

வேளச்சேரியில் ஒரு கோணல் மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூலைகள் அடிக்கணக்கில் (0,0), (60,0), (50,40), (0,50). நான்கு பக்கங்களுக்கும் x₁y₂ − x₂y₁ முறையே 0, 2400, 2500, 0. கூட்டி இரண்டால் வகுத்தால் 2450 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் 2400 என்பதால், அதைவிட 50 கூடுதல்.

வலஞ்சுழியாகப் போனால் −2450 வரும். குறியை மாற்றினால் போதும். ஆனால் கடைசி இரண்டு மூலைகளை இடம் மாற்றி எழுதிவிட்டால் 250தான் வரும். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டி, ஒரு முக்கோணம் இடஞ்சுழியாகவும் மற்றது வலஞ்சுழியாகவும் சுற்றப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றது கழிந்துவிடுகிறது. இந்தப் பிழையைக் குறி காட்டிக்கொடுக்காது, அதனால் படம் வரைந்து மூலைகளின் வரிசையைச் சரிபாருங்கள்.