டைரக்ட் கூலா, ஃபிராஸ்ட் ஃப்ரீயா?

“வீட்டில் மூன்று பேர். எந்த வகை ஃப்ரிட்ஜ் வாங்கலாம்?”

தினமும் காய்கறி வாங்குகிற வீடு என்றால் டைரக்ட் கூலே போதும். விலை குறைவு. விசிறியும் பனி உருக்கும் ஹீட்டரும் இல்லாததால் மின்சாரமும் பெரும்பாலும் குறைவாகவே செலவாகும். நட்சத்திரங்களை மட்டும் பார்க்காதீர்கள். இரு வகைக்கும் அளவுகோல் வேறு. லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் எண்ணை ஒப்பிடுங்கள்.

ஃபிராஸ்ட் ஃப்ரீயில் விசிறி உலர்ந்த காற்றைச் சுற்றவிடுகிறது. மூடாமல் வைத்த கொத்தமல்லி மறுநாளே துவண்டுவிடும், மிஞ்சிய சோறு விறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடியே வைக்க வேண்டும்.

டைரக்ட் கூலில் உள்ள ஒரே தொல்லை, ஃப்ரீசரில் படியும் பனி. அது அரை சென்டிமீட்டர் தடித்ததும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள பொத்தானை இரவில் அழுத்துங்கள்; காலையில் தட்டில் நீர் நிற்கும். தயவுசெய்து கத்தியால் சுரண்டாதீர்கள். என் அக்கா அப்படித்தான் ஒருமுறை சுரண்டினார். “உஸ்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவருக்குள் ஓடும் குழாய் ஓட்டையாகி, வாயு முழுவதும் போய்விட்டது.

வாரம் முழுவதற்கும் மீன், இறைச்சி சேர்த்து வைப்பவர்களுக்கு ஃபிராஸ்ட் ஃப்ரீதான் சரி.