நோட் தோழிக்குத் தெரியாதது ஏன்?

"இன்ஸ்டாகிராமில் இன்பாக்ஸுக்கு மேலே நோட் போட்டேன். என்னைப் பின்தொடரும் தோழிக்குத் தெரியவில்லை என்கிறாள். அழிந்துவிட்டதா?"

உங்கள் திரையில் தெரிகிறதென்றால் அழியவில்லை. பெரும்பாலும் நீங்கள் அவரைப் பின்தொடராததுதான் காரணம். Followers you follow back என்று தேர்ந்தெடுத்தால், இருவரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்தால் மட்டுமே நோட் தெரியும். கணக்கு பொதுவில் இருந்தாலும் இதே விதிதான்.

அவருடைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். Follow Back என்று இருந்தால் அதை அழுத்துங்கள். ஏற்கெனவே பின்தொடர்கிறீர்களா? அப்படியானால் நோட்டை Close Friends பட்டியலுக்கு மட்டும் போட்டிருக்கலாம். அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நோட்டை நீக்கிவிட்டு, சரியான பிரிவைத் தேர்ந்து மறுபடி போடுவதே நல்லது.

இரண்டும் சரியாக இருந்தால், உங்கள் நோட்டுகளை அவர் மியூட் செய்திருக்கலாம். அது உங்களுக்குத் தெரியவராது, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: நோட்டின் ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் புதிதாக ஒன்றைப் போட்டால் பழையது உடனே போய்விடும். நோட் போட்டதாக யாருக்கும் அறிவிப்பு போகாது, யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் கிடையாது. ஆகவே அவசரச் செய்தியை நேராக மெசேஜில் அனுப்பிவிடுங்கள்.