இன்சுலின் போடும் இடத்தில் தடிப்பு: இடத்தை மாற்றும் முன் அளவைப் பேசுங்கள்

"ஏழு வருடமாகக் காலையில் 30, இரவில் 20 யூனிட் மிக்ஸ்டு இன்சுலின் பேனாவில் போடுகிறேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் தோல் மெத்தைபோலத் தடித்துவிட்டது. அங்கே குத்தினால் வலிப்பதில்லை என்பதால் அங்கேயேதான் போடுகிறேன். சர்க்கரை ஒருநாள் 300, மறுநாள் 65. இனி வேறு இடத்தில் போடலாமா?"

போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் இதே 30, 20 யூனிட்டை நாளைக்கே புது இடத்தில் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

இன்சுலினுக்குக் கொழுப்பைச் சேர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும்போது, அங்கே தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வளர்ந்து தடிக்கிறது. மருத்துவத்தில் இதை லிப்போஹைப்பர்ட்ரோஃபி என்கிறோம். அந்தத் தடிப்பில் உணர்ச்சி குறைவு. அதனால்தான் உங்களுக்கு வலிக்கவில்லை, கையும் அங்கேயே போகிறது, தடிப்பும் வளர்கிறது. ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்துகிறவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறோம்.

தடிப்புக்குள் போன இன்சுலின் ரத்தத்தில் ஒரு சீராகச் சேர்வதில்லை. சில நாள் தாமதமாக, குறைவாகச் சேரும். சாப்பிட்டபின் சர்க்கரை 300 ஆகும். சில நாள் ஊசிமுனை தடிப்பைத் தாண்டி நல்ல இடத்தில் இறங்கிவிடும், அல்லது தேங்கிய மருந்து நேரம் கெட்ட நேரத்தில் வேலை செய்யும், அன்றைக்கு 65. சர்க்கரை ஏறியது என்று அளவைக் கூட்டிக் கூட்டித்தான் நீங்கள் 50 யூனிட்டுக்கு வந்திருக்கலாம். அதில் ஒரு பகுதி தடிப்பிலேயே வீணாகிறது. அதே 50 யூனிட்டும் நல்ல தோலில் இறங்கினால் முழுதாக வேலை செய்யும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். இதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

ஆகவே இடம் மாற்றும்போது பொதுவாக 10 முதல் 20 சதவீதம் குறைத்துத் தொடங்குவோம். 20 சதவீதம் என்றால் உங்களுக்குக் காலை 24, இரவு 16 யூனிட். ஏற்கெனவே 65 வரை இறங்குகிறீர்கள் என்பதால் நானாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் வேறு எண் சொன்னால் அதுவே சரி. முதல் இரண்டு வாரம் மூன்று வேளை உணவுக்கு முன்பும் படுக்கும் முன்பும் சர்க்கரை பாருங்கள். இரண்டொரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கும் பாருங்கள். இரவு ஊசியின் தாழ்வு அப்போது தெரியும். 70-க்குக் கீழே வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

இனி எங்கே போடுவது? குளித்தபின் வயிற்றில் சோப்பு நுரையோ லோஷனோ தடவி, விரல் நுனியால் மெல்ல அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்புகூட விரலுக்கு ரப்பர்போலத் தட்டுப்படும். சந்தேகம் வந்தால் கிள்ளிப் பாருங்கள்: நல்ல தோல் மெல்லிய மடிப்பாக எழும், தடித்த தோல் அப்படி எழாது. தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் இனி ஊசி வேண்டாம்.

மிச்சமுள்ள வயிற்றைத் தொப்புளை நடுவாக வைத்து நான்கு கட்டமாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு கட்டம், கடிகாரம் சுற்றும் திசையில். கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு ஊசியும் முந்தையதிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி இறங்கட்டும். "வலது, இடது" என்று மட்டும் மாற்றுகிறவர்கள் பலர். இரண்டு பக்கமும் அதே புள்ளியில் குத்தினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடிப்பு வரும், உங்களுக்கு வந்ததுபோல.

காலை ஊசியை வயிற்றிலும் இரவு ஊசியைத் தொடையின் மேல்பகுதி வெளிப்புறத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனித இன்சுலின் கலந்த மிக்ஸ்டு மருந்து வயிற்றில் வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் சேரும். இரவுக்கு அந்த மெதுவான வேகம் நல்லது. ஆனால் இன்று வயிறு, நாளை தொடை என்று ஒரே வேளையை மாற்றிப் போட்டால் சர்க்கரை மறுபடி தாறுமாறாகும். தொடையின் அந்தப் பகுதியையும் மேல், கீழ் என இரண்டாகப் பிரித்து, இரண்டு தொடையிலும் வாரம் ஒன்றாகச் சுற்றுங்கள். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் புது ஊசி. 4 மில்லிமீட்டர் நீளம் பெரியவர்களுக்குப் போதும்.

பழைய தடிப்பைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். அங்கே ஊசி போடாமல் விட்டாலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மெல்ல மென்மையாகும். பெரிய தடிப்பு இன்னும் நாளெடுக்கும். பல மாதம் ஆகியும் கல்போல இறுகியே இருந்தால், அது இன்சுலின் புரதம் படிந்து உண்டாகும் அமைலாய்டு கட்டியாக இருக்கலாம். அது தானாகக் கரைவதில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள். சிவந்து, சூடாகி, வலித்தால் அது சீழாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.